நெல் சாக்கு பிந்திவிட்டது: வழங்குநரிடம் புதிய திகதிகளுக்குச் சம்மதம் கேட்பது எப்படி?

கேள்வி: செங்கலடிப் பக்கத்து விவசாயக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கொள்வனவு உத்தியோகத்தராக இருக்கிறேன். பெரும்போக அறுவடைக்காக 50 கிலோ நெல் சாக்கு 20,000 வேண்டும் என்று புறக்கோட்டை வியாபாரி ஒருவருக்குக் கட்டளை கொடுத்தோம். ஒன்று 60 ரூபா, லொறிக்கூலி அவருடையது. ஜனவரி 11 திங்கட்கிழமை எங்கள் களஞ்சியத்துக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. கொள்கலன் பிந்திவிட்டது, "மாத முடிவுக்குள் எப்படியும் அனுப்புகிறேன்" என்று நேற்றுத் தொலைபேசியில் சொன்னார். 25ஆம் திகதியளவில் சில வயல்களில் வெட்டுத் தொடங்கிவிடும். பிந்தினால் வாரத்துக்கு 0.5 வீதம், உச்சம் 10 வீதம் என்று கட்டளையில் இருக்கிறது. முற்பணம் கொடுக்கவில்லை. ஆளைப் பகைக்காமலும், எங்கள் உரிமையை விடாமலும் புதிய திகதிகளுக்குச் சம்மதம் கேட்டு மின்னஞ்சல் எழுத வேண்டும். எப்படி எழுதுவது?

பதில்:

மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன், எந்த நாளில் எத்தனை சாக்கு இல்லாவிட்டால் நெல் நிலத்தில் கிடக்கும் என்ற கணக்கை முடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதில்லை. "எப்போது தருவீர்கள்?" என்று வியாபாரியைக் கேட்டு, அவர் சொல்லும் திகதியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். திகதியை அவர் வைத்தால் அது அவருடைய கொள்கலனைப் பார்த்து வைத்த திகதியாகத்தான் இருக்கும். நீங்கள் வைக்க வேண்டியது வயலைப் பார்த்த திகதி.

கணக்கு சின்னதுதான். ஏக்கருக்கு 2,000 கிலோ என்று வைத்தால் 50 கிலோ சாக்கு 40 போகும். ஆகவே உங்கள் 20,000 சாக்கு ஏறத்தாழ 500 ஏக்கருக்கு உரியது. அந்த 500 ஏக்கரும் ஒரே நாளில் வெட்டப்படப் போவதில்லை. முந்தி விதைத்தவர்கள், குளத்துத் தண்ணீருக்குக் காத்திருந்து பிந்தி விதைத்தவர்கள், மூன்று மாத நெல் போட்டவர்கள், மூன்றரை மாத நெல் போட்டவர்கள் என்று பிரிந்துதான் இருப்பார்கள். வட்டை விதானைமாரிடம் ஒரு மாலைப்பொழுது பேசினால் எந்தக் கண்டம் எந்த வாரத்தில் என்று தெரிந்துவிடும். உதாரணத்துக்கு, ஜனவரி கடைசி வாரத்தில் 125 ஏக்கர், பெப்ரவரி முற்பகுதியில் 225 ஏக்கர், பெப்ரவரி நடுப்பகுதிக்குப் பிறகு 150 ஏக்கர் என்று வந்ததாக வைத்துக்கொள்கிறேன். சாக்குக் கணக்கில் இது 5,000, 9,000, 6,000.

இந்தப் பிரிப்புத்தான் உங்கள் கையிலுள்ள மிகப் பெரிய பலம். 20,000 சாக்கையும் உடனே கேட்டால் அவரால் முடியாது. முடியாது என்று அவருக்கும் தெரியும், ஆகவே வாய்க்கு வந்த ஒரு திகதியைச் சொல்லிவிடுவார். 5,000 சாக்கு என்றால் நிலைமை வேறு. தன் கடையிலிருந்தோ, பக்கத்துக் கடைக்காரரிடம் கைமாற்றாக வாங்கியோ அவரால் கொடுக்க முடியும். புறக்கோட்டையில் அது அன்றாடம் நடக்கும் வேலை. மாதக் கடைசியில் 20,000 சாக்கும் ஒன்றாக வந்து இறங்குவதைவிட, வெட்டுக்கு முன் 5,000 வந்து சேர்வது உங்களுக்குப் பயன் கூடியது. இயந்திரத்தில் வெட்டிய நெல்லின் ஈரப்பதன் பெரும்பாலும் 20 வீதத்துக்கு மேலே நிற்கும். சேமித்து வைக்க 14 வீதத்துக்கு இறங்க வேண்டும். சாக்கு இல்லை என்று அதைக் குவியலாக விட்டால், தை மாதத்து மழைத் தூறலில் உள்ளே சூடேறி நிறம் மாறும், முளையும் கட்டும். அந்த நட்டத்தை எந்தத் தாமதக் கட்டணமும் ஈடுசெய்யாது.

தாமதக் கட்டணத்தையும் இப்போதே போட்டுப் பார்த்துவிடுங்கள். முழு வாரங்களுக்கு மட்டும் கணக்கிடுவதாகவும், பிந்திய பொருளின் பெறுமதியில் கணக்கிடுவதாகவும் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கட்டளையில் வேறு விதமாக இருந்தால் அதன்படி மாற்றுங்கள். முதல் 5,000 சாக்கின் பெறுமதி 300,000 ரூபா. ஜனவரி 21இல் வந்தால் 10 நாள் தாமதம், ஒரு முழு வாரம், 1,500 ரூபா. அடுத்த 9,000 சாக்கு 540,000 ரூபா. பெப்ரவரி 3இல் வந்தால் மூன்று வாரம், 8,100 ரூபா. கடைசி 6,000 சாக்கு 360,000 ரூபா. பெப்ரவரி 15இல் வந்தால் ஐந்து வாரம், 9,000 ரூபா. மொத்தம் 18,600 ரூபா. 12 இலட்சம் ரூபாக் கட்டளையில் இது ஒன்றரை வீதத்துக்குச் சற்று மேல். இந்தத் தொகையை வசூலிக்க மல்லுக்கட்டுவதைவிட, ஒழுங்காகத் திகதி காப்பவருக்கு இதை விட்டுக்கொடுக்கிறோம் என்று சொல்லி அவரிடமிருந்து உறுதியான திகதிகளை வாங்குவது இலாபம். ஆனால் விட்டுக்கொடுப்பதை நிபந்தனையோடு விட்டுக்கொடுக்க வேண்டும். உங்கள் மின்னஞ்சலின் உயிர் அந்த நிபந்தனைதான்.

ஏன் என்பதைச் சொல்கிறேன். இலங்கையில் பொருள் விற்பனைக்குப் பொருந்தும் சட்டம் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். அது 1893ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தை அடியொற்றியது. ஆகவே ஆங்கில நீதிமன்றங்கள் இந்த விடயத்தில் சொன்னவை நமக்கும் வழிகாட்டும். 1950இல் தீர்க்கப்பட்ட ரிக்கார்ட்ஸ் எதிர் ஒப்பன்ஹைம் என்ற வழக்கில் ஒருவர் ரோல்ஸ் ரொய்ஸ் அடிச்சட்டம் ஒன்றில் காரின் உடற்பகுதியைக் கட்டக் கொடுத்தார். பேசிய திகதி தாண்டியது. அவர் வேலையை நிறுத்தச் சொல்லாமல், முடித்துத் தாருங்கள் என்று தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பொறுமை போய், இன்னும் நான்கு வாரத்துக்குள் தராவிட்டால் எடுக்கமாட்டேன் என்று எழுதினார். அதுவும் தாண்டி, மாதங்கள் கழித்து வேலை முடிந்து வந்தபோது எடுக்க மறுத்தார். தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்ததால் பழைய திகதியைப் பிடித்து மறுக்கும் உரிமையை அவர் விட்டுவிட்டார். ஆனால் நியாயமான அவகாசத்தோடு புதிய இறுதித் திகதியை எழுத்தில் வைத்ததால், அந்தத் திகதி தாண்டியபின் மறுத்தது சரி என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது.

உங்கள் நிலைமையும் இதுவே. தொலைபேசியில் "சரி ஐயா, மாத முடிவுக்குள் அனுப்பிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டால், ஜனவரி 11 என்ற திகதி உங்கள் கையை விட்டு மெல்ல நழுவத் தொடங்கும், அதன் இடத்தில் வேறு திகதியும் இருக்காது. ஆகவே புதிய திகதிகளை எழுத்தில் வைக்க வேண்டும், அவை போதிய அவகாசம் உள்ளவையாக இருக்க வேண்டும், அவற்றுக்குச் சம்மதம் வரும்வரை பழைய திகதி செல்லும் என்றும் எழுத வேண்டும். மின்னஞ்சலில் எழுதினால் போதுமா என்று சிலர் கேட்பார்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி, மின்னணு வடிவில் இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாது போகாது. ஆனால் "திருத்தங்கள் இரு தரப்பும் ஒப்பமிட்ட எழுத்தில் இருக்க வேண்டும்" என்று உங்கள் கட்டளையில் ஒரு வரி இருந்தால், மின்னஞ்சல் சம்மதத்துக்குப் பிறகு ஒப்பமிட்ட திருத்தமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி மின்னஞ்சல். ஜனவரி 13 புதன்கிழமை அனுப்புவதாக வைத்து எழுதுகிறேன். 15ஆம் திகதி வெள்ளிக்கிழமை பொங்கல் விடுமுறை, பிறகு சனி, ஞாயிறு. அதனால் பதிலுக்கான நேரம் திங்கள் நண்பகல்.

பொருள்: கொள்வனவுக் கட்டளை இல. ____, நெல் சாக்கு 20,000: திருத்திய ஒப்படைப்புத் திகதிகள் (ஜனவரி 18 நண்பகலுக்கு முன் பதில் தேவை)

மதிப்புக்குரிய ஐயா,

மேற்படி கட்டளையின்படி 50 கிலோ நெல் சாக்கு 20,000, ஜனவரி 11 திங்கட்கிழமை செங்கலடியிலுள்ள எமது களஞ்சியத்தில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். இன்றுவரை எதுவும் வந்து சேரவில்லை. கொள்கலன் பிந்தியதே காரணம் என்று நேற்றுத் தொலைபேசியில் அறியத் தந்தீர்கள்.

எமது அங்கத்தவர்களின் வயல்களில் ஜனவரி 25 அளவில் அறுவடை தொடங்குகிறது. எல்லா வயல்களும் ஒரே நேரத்தில் வெட்டப்படுவதில்லை என்பதால், பொருளை மூன்று தொகுதிகளாகப் பின்வரும் திகதிகளில் ஒப்படைக்கச் சம்மதிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

முதலாம் தொகுதி: 5,000 சாக்கு, ஜனவரி 21 வியாழக்கிழமை
இரண்டாம் தொகுதி: 9,000 சாக்கு, பெப்ரவரி 3 புதன்கிழமை
மூன்றாம் தொகுதி: 6,000 சாக்கு, பெப்ரவரி 15 திங்கட்கிழமை

இவை எமது களஞ்சியத்தில் மாலை 4 மணிக்கு முன் பொருள் இறக்கப்பட வேண்டிய திகதிகள். கொழும்பிலிருந்து அனுப்பும் திகதிகள் அல்ல. விலை, சாக்கின் அளவு, நிறை, போக்குவரத்துப் பொறுப்பு உட்படக் கட்டளையின் ஏனைய நிபந்தனைகள் எதிலும் மாற்றமில்லை. வெள்ளத்தால் வீதி மூடப்பட்டால் அன்றே அறியத் தாருங்கள். வீதி மூடப்பட்டிருந்த நாட்களின் அளவுக்கு அந்தத் தொகுதியின் திகதி நீடிக்கப்படும்.

பகுதி பகுதியாக அனுப்புவதால் தங்களுக்கு ஏற்படும் சிரமத்தைக் கருத்தில் கொண்டு, முழுப் பொருளும் வரும்வரை காத்திராமல், ஒவ்வொரு தொகுதிக்கும் அதை நாம் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 7 வேலை நாட்களுக்குள் பணம் செலுத்துவோம்.

மூன்று தொகுதிகளும் மேற்படி திகதிகளில் வந்து சேர்ந்தால், ஜனவரி 11 முதல் அத்திகதிகள் வரையான தாமதத்துக்குரிய கட்டணத்தைக் கோரமாட்டோம். ஏதாவது ஒரு தொகுதி அதன் திகதியில் வராவிட்டால், அந்தத் தொகுதிக்குரிய தாமதக் கட்டணம் ஜனவரி 11 முதல் கணக்கிடப்படும். அத்துடன், வராத தொகுதியை ஏற்க மறுத்து, அந்தளவு சாக்கை வேறிடத்தில் வாங்கி, மேலதிகச் செலவைத் தங்களிடம் கோரும் உரிமையும் எமக்கு உண்டு. தங்கள் சம்மதம் எழுத்தில் கிடைக்கும்வரை ஜனவரி 11 என்ற திகதியே செல்லுபடியாகும். இம்மடலால் எமது உரிமை எதையும் நாம் விட்டுக்கொடுக்கவில்லை.

சம்மதமாயின், "ஜனவரி 13ஆம் திகதிய மின்னஞ்சலிலுள்ள மூன்று திகதிகளுக்கும் நிபந்தனைகளுக்கும் சம்மதிக்கிறோம்" என்று ஜனவரி 18 திங்கட்கிழமை நண்பகலுக்கு முன் இதற்குப் பதில் அனுப்புங்கள். ஏதாவது ஒரு திகதி முடியாதாயின், அந்தத் தொகுதிக்கு மட்டும் தங்களால் உறுதியாகத் தர முடிந்த அளவையும் திகதியையும் எழுதுங்கள். கொள்கலன் இப்போது எங்கே நிற்கிறது, சுங்க அனுமதி கிடைத்துவிட்டதா என்பதையும் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
கொள்வனவு உத்தியோகத்தர்

இதில் சில வரிகள் ஏன் அப்படி எழுதப்பட்டன என்பதைச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் நகலெடுத்தால் தேவையான வரியை வெட்டிவிடுவீர்கள்.

ஒப்படைக்கும் திகதி, அனுப்பும் திகதி என்ற வேறுபாடுதான் நம் பக்கத்தில் அதிகம் சண்டை கிளப்புவது. வியாபாரி "3ஆம் திகதி அனுப்பிவிட்டேன்" என்பார். லொறி ஹபரணையைத் தாண்டி, பொலன்னறுவை, மன்னம்பிட்டி வழியாக ஓட்டமாவடி, வாழைச்சேனை என்று வந்து செங்கலடியில் நிற்க மறுநாளாகிவிடும். பெப்ரவரி 4 சுதந்திர தினம், களஞ்சியம் பூட்டு, இறக்க ஆளில்லை. 5ஆம் திகதிதான் சாக்கு உங்கள் கையில். அவர் கணக்கில் தாமதமே இல்லை, உங்கள் கணக்கில் இரண்டு நாள். இரண்டாம் தொகுதிக்கு 3ஆம் திகதி என்று வைத்ததும், மாலை 4 மணி என்று நேரம் எழுதியதும், திகதியோடு கிழமையையும் சேர்த்ததும் இதற்காகத்தான். கிழமை எழுதினால் எழுத்துப் பிழையும் பிடிபடும்.

வெள்ளம் பற்றிய வரியைப் பார்த்து, அவருக்கு நாமே சாட்டுச் சொல்லிக் கொடுக்கிறோமே என்று உங்கள் முகாமையாளர் முகம் சுளிக்கலாம். அந்த வரி இல்லாவிட்டால்தான் அவருக்கு வசதி. மகாவலி பெருகி மன்னம்பிட்டிப் பக்கம் வீதியில் தண்ணீர் ஏறினால், வீதி மூடப்படாத நாட்களுக்கும் சேர்த்து அவர் வெள்ளத்தைக் காரணம் காட்டலாம். மூடப்பட்ட நாட்கள் அளவுக்கு மட்டும், அதுவும் அன்றே அறிவித்தால் மட்டும் என்று நாமே எல்லை போட்டுவிட்டால், தவிர்க்க முடியாத காரணம் என்ற பேச்சு அதற்குள் அடங்கிவிடும். வீதி மூடப்பட்டதா இல்லையா என்பது எல்லாருக்கும் தெரிந்த விடயம். அதில் வாதாட இடமில்லை.

லொறிக்கூலி இன்னொரு இடம். 50 கிலோ நெய்த சாக்கு ஒன்று நூறு கிராமுக்குள்தான் நிறுக்கும். ஆகவே 20,000 சாக்கும் சேர்ந்து இரண்டு தொன்னுக்குள். நடுத்தர லொறி ஒன்றில் ஒரே தடவையில் வந்துவிடும். மூன்று தடவை என்றால் கூலி மூன்று தடவையா என்று அவர் கட்டாயம் கேட்பார், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. முதல் 5,000 சாக்கு அரைத் தொன்தான். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் பொதி ஏற்றி வரும் லொறிகளில் கட்டுக் கட்டாகப் போட்டுவிடலாம், தனி லொறி தேவையில்லை என்று தொலைபேசியில் சொல்லுங்கள். அதற்கு மேலும் இழுத்தால் கொடுப்பதற்குத்தான் 7 வேலை நாள் கொடுப்பனவு என்ற வரி. கையில் பணம் சுழல வேண்டிய வியாபாரிக்கு, முதல் 300,000 ரூபா பெப்ரவரி தொடக்கத்திலேயே கிடைக்கும் என்பது லொறிக்கூலியைவிடப் பெரிய விடயம். ஆனால் கணக்காளரிடமும் முகாமையாளரிடமும் எழுத்தில் அனுமதி வாங்காமல் அந்த வரியையும் தாமதக் கட்டண வரியையும் அனுப்பாதீர்கள். இரண்டும் சங்கத்தின் பணம் தொடர்பானவை. கொள்வனவு உத்தியோகத்தர் தன் விருப்பில் விட்டுக்கொடுக்க அதிகாரம் இருப்பது அரிது. நன்கொடை நிறுவனப் பணமாகவோ அரச நிதியாகவோ இருந்தால் இது இன்னும் கண்டிப்பு: கால நீடிப்புக்கே உரிய கொள்வனவுக் குழுவின் அனுமதி வேண்டியிருக்கும், வழங்குநர் செயலாற்றுகைப் பிணையாக வங்கி உத்தரவாதம் கொடுத்திருந்தால் அதன் காலாவதித் திகதியையும் நீடிக்கச் சொல்ல வேண்டும்.

கொள்கலன் எங்கே நிற்கிறது என்ற கடைசிக் கேள்வி மரியாதைக்குக் கேட்பதல்ல. துறைமுகத்துக்கு வந்து சுங்க அனுமதிக்குக் காத்திருக்கிறது என்றால் நாட்களில் தீரும். இன்னும் கப்பலில் என்றால் வாரங்கள். பதிலில் அந்தக் கேள்வியை மட்டும் தாண்டிப் போயிருந்தால், அல்லது திடீரென்று பாதிப் பணம் முற்பணமாகக் கேட்டால், கொள்கலன் என்ற ஒன்றே இல்லையோ என்று சந்தேகப்படுங்கள். அந்த நிலையில் 18ஆம் திகதிவரை சும்மா இருக்காமல், மட்டக்களப்பு நகரிலும் வாழைச்சேனையிலும் கல்முனையிலும் 5,000 சாக்குக்கு விலை கேட்டு வையுங்கள். விலை கேட்பது கட்டளையை முறிப்பதாகாது.

இப்போது பதில் வருகிறது. "சம்மதிக்கிறோம்" என்று முழுதாக வந்தால் வேலை சுலபம். பெரும்பாலும் வருவது வேறு மாதிரி: "21ஆம் திகதி 3,000 தான் முடியும், மிச்சம் 2,000 ஐ 26ஆம் திகதி தருகிறோம், மற்றத் திகதிகள் சரி." இது சம்மதம் அல்ல, அவருடைய மாற்று யோசனை. நீங்கள் எழுத்தில் ஏற்கும்வரை இரண்டு பக்கமும் புதிய திகதி எதற்கும் கட்டுப்படவில்லை. மறுபடி வயல் கணக்குக்குப் போங்கள். 3,000 சாக்கு 75 ஏக்கருக்குப் போதும். 25, 26ஆம் திகதிகளுக்குள் 75 ஏக்கருக்கு மேல் வெட்டு நடக்குமா? இருக்கும் அறுவடை இயந்திரங்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் தெரியும். நடக்காது என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். அப்படியும் இடித்தால் அங்கத்தவர் வீடுகளில் கழுவிக் காய வைத்த பழைய உரப்பைகள் இரண்டு நாளைச் சமாளிக்கும். ஏற்கும்போது "சரி" என்று ஒற்றைச் சொல்லில் பதில் போடாதீர்கள். நான்கு திகதிகளையும் அளவுகளையும் முழுதாகத் திரும்ப எழுதி, "ஜனவரி 13ஆம் திகதிய மின்னஞ்சலின் ஏனைய நிபந்தனைகள் அனைத்தும் இந்த நான்கு திகதிகளுக்கும் பொருந்தும்" என்று சேருங்கள், அதற்கும் அவருடைய சம்மதத்தை வாங்குங்கள். இதை விட்டால், 26ஆம் திகதி தவறும்போது "அது நான் சொன்ன திகதி, அதற்கு உங்கள் நிபந்தனை இல்லை" என்பார்.

யார் பதில் எழுதுகிறார் என்றும் பாருங்கள். கடையின் விற்பனைப் பையன் வட்ஸ்அப்பில் "ஓகே சேர்" என்று போடுவதை நம்பிக் கோப்பை மூடக் கூடாது. கட்டளையில் உள்ள மின்னஞ்சல் முகவரியிலிருந்து, முதலாளியோ கட்டளையில் ஒப்பமிட்டவரோ எழுத வேண்டும். வட்ஸ்அப்பில் வந்தால், "தங்கள் வட்ஸ்அப் செய்தியின்படி" என்று அதையே மின்னஞ்சலில் எழுதி உறுதி கேளுங்கள்.

18ஆம் திகதி நண்பகல் வரை எதுவுமே வராவிட்டால், மௌனத்தைச் சம்மதமாக எடுக்க முடியாது. உங்கள் மூன்று திகதிகளும் அப்போது வெறும் யோசனைதான். ஜனவரி 11 ஐத் தாண்டிய தாமதம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு தொலைபேசி அழைப்பு, பிறகு அன்று பிற்பகலே இரண்டு வரி மின்னஞ்சல் போதும்: பதில் கிடைக்கவில்லை, ஜனவரி 21 மாலை 4 மணிக்கு முன் 5,000 சாக்கு வராவிட்டால் அந்தளவை வேறிடத்தில் வாங்குவோம். கோபத்தைக் காட்டும் சொல் ஒன்றும் தேவையில்லை.

வேறிடத்தில் வாங்க வேண்டிய நிலை வந்தால் கணக்கு இப்படி: மட்டக்களப்பில் அந்த நேரத்தில் சாக்கு 72 ரூபா என்று வையுங்கள். வித்தியாசம் 12 ரூபா, 5,000 சாக்குக்கு 60,000 ரூபா. பொருளைத் தராத விற்பனையாளரிடம் ஒப்பந்த விலைக்கும் அன்றைய சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கோருவதே பொருள் விற்பனைச் சட்டத்தின் பொது அளவுகோல். 1,500 ரூபாத் தாமதக் கட்டணத்தோடு ஒப்பிட்டால், அவரை உண்மையில் நகர்த்தும் வரி எது என்று விளங்கும். கோருவதற்கு ஆதாரம் வேண்டும்: குறைந்தது மூன்று கடை விலைக்குறிப்பு, வாங்கிய பற்றுச்சீட்டு, திகதி. மலிவாகக் கிடைக்கும் இடம் இருக்க விலை கூடிய இடத்தில் வாங்கினால் அந்த மேலதிகத்தை அவர் தலையில் கட்ட முடியாது. தாமதக் கட்டணம்தான் ஒரே பரிகாரம் என்று உங்கள் கட்டளையில் எழுதியிருந்தால் இந்த வழியே அடைபட்டுவிடும். மின்னஞ்சல் அனுப்புவதற்கு முன் அந்தப் பகுதியை ஒருமுறை வாசியுங்கள்.

சம்மதம் வந்ததும் கட்டளையின் அதே இலக்கத்தில் "திருத்தம் 1" என்று ஒரு பக்கம் தயாரித்து, களஞ்சியப் பொறுப்பாளருக்கும் கணக்காளருக்கும் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் லொறி வரும்போது, கட்டளையில் 20,000 என்று இருக்கிறதே, 5,000 தானே வந்திருக்கிறது என்று களஞ்சியக்காரர் திருப்பி அனுப்பக்கூடும். அவர் மீது தவறில்லை: உடன்பாடு இல்லாமல் பகுதி பகுதியாக வரும் பொருளை ஏற்க வாங்குபவர் கட்டுப்பட்டவர் அல்லர். கணக்காளரும் அப்படித்தான், திருத்தத்தைக் காணாமல் பகுதிக் கொடுப்பனவை விடமாட்டார். 7 வேலை நாள் வாக்கு அங்கேயே உடையும், பிறகு இரண்டாம் தொகுதி பிந்தினால் அவரைக் கேட்க உங்களுக்கு வாய் இருக்காது.

களஞ்சியப் பொறுப்பாளருக்கு இன்னும் இரண்டு விடயம் சொல்லி வையுங்கள். பிந்தி வரும் பொருளில் மாற்றுச் சரக்கு கலப்பது வழமை, முக்கியமாக முதல் தொகுதியை வியாபாரி வேறு கடையில் கைமாற்றாக வாங்கியிருந்தால். ஒவ்வொரு கட்டிலும் சில சாக்கை எடுத்து நீள அகலம் அளக்க வேண்டும், நிறுக்க வேண்டும், அடித் தையலை இழுத்துப் பார்க்க வேண்டும். நிறை குறைந்த சாக்கில் ஈர நெல்லைக் கட்டித் தூக்கினால் அடி பிரியும். மற்றது, லொறி வந்த திகதியையும் நேரத்தையும் எண்ணிக்கையையும் ஒப்படைப்புச் சீட்டில் தன் கையால் எழுதி, சாரதியிடமும் ஒப்பம் வாங்க வேண்டும். 22ஆம் திகதி காலையில் வந்த பொருளைத் தேவை கருதி ஏற்பதென்று முடிவெடுத்தால், "திகதி பிந்தியது, உரிமை விடாது ஏற்கப்பட்டது" என்று அந்தச் சீட்டிலேயே எழுதட்டும். ஏற்ற பிறகு பிந்தியது என்று திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் அந்த வரி இருந்தால், அந்த 5,000 சாக்குக்குரிய 1,500 ரூபாவைப் பணம் கொடுக்கும்போது கழித்துக்கொள்ளலாம்.